உம் கொட்டும் இடம்: ஒரு பாரசீக இரவுக்கதையைத் தமிழில் சொல்லுதல்

சமத் பெஹ்ரங்கி எழுதி 1968ஆம் ஆண்டு தெஹ்ரானில் வெளிவந்த ‘சின்னக் கறுப்பு மீன்’ என்னும் பாரசீகக் கதை, அரசியல் உருவகம் என்றே பெரும்பாலும் பேசப்பட்டு வந்திருக்கிறது. அது தூங்கப்போகும் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையாகவும் அமைந்திருப்பது அதே அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. ஆண்டின் மிக நீண்ட இரவில், கடலடியில், ஒரு கிழட்டு மீன் தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பன்னிரண்டாயிரம் மீன்களைச் சுற்றிலும் உட்காரவைத்துக் கதை சொல்கிறது; மலை ஓடையில் பிறந்த ஒரு மீன், அந்த ஓடை எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்காகத் தாயையும் அண்டை அயலாரையும் விட்டுப் புறப்பட்டுக் கடல்வரை போனதே அந்தக் கதை. கதை முடிந்ததும் பாட்டி எல்லோரையும் தூங்கச் சொல்கிறது. ஆக, வெளிக்கதை ஒன்றும் அதற்குள் பாட்டி சொல்லும் உள்கதை ஒன்றுமாக நூல் இரண்டு அடுக்கு கொண்டது. இவ்விரண்டையும் தமிழில் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பதே மொழிபெயர்ப்பின் முதற்கேள்வி. கதையின் தாளம், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள், மெல்லிய குரல் ஆகிய மூன்றும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையையே சார்ந்திருக்கின்றன.

பெஹ்ரங்கி 1939இல் தப்ரீசில் பிறந்தவர். ஈரானிய அசர்பைஜான் பகுதியின் சிற்றூர்களில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். தம் நண்பர் பெஹ்ரூஸ் தெஹ்கானியோடு சேர்ந்து அப்பகுதியின் நாட்டார் கதைகளைத் திரட்டியவர். கறுப்பு மீன் வெளியான ஆண்டிலேயே, இருபத்தொன்பது வயதில், அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவருடைய தாய்மொழி அசர்பைஜானியத் துருக்கி. பள்ளியும் அச்சகமும் பாரசீகத்தில் இயங்கியதால் அவர் பாரசீகத்தில் எழுதினார். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இது வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. வீட்டில் ஒரு மொழியில் கதை கேட்டு வளர்ந்து, எழுத்தில் வேறொரு மொழியைக் கையாண்ட ஒருவருடைய உரைநடை என்பதை நினைவில் வைத்தால்தான், அந்த நடை ஏன் இவ்வளவு சிறிய வாக்கியங்களால் ஆனது, ஏன் அலங்காரத்தை ஒதுக்குகிறது என்பது விளங்கும்.

பாரசீகத்திலிருந்து தமிழுக்குக் கதையும் கவிதையும் வந்த வழி நீண்டது. வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’, பாரசீக மூலத்தைத் தழுவிப் பதினாறாம் நூற்றாண்டிலேயே தமிழில் பாடப்பட்ட வினாவிடை நூல். பின்னாளில் நேர்வழி மெல்ல அடைபட்டு, ஆங்கிலம் நடுவில் வந்து நின்றது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழுக்குத் தந்த உமர்கய்யாம், பிட்ஜெரால்டின் ஆங்கிலத்தைப் பார்த்துப் பாடியது. கவிமணியின் பாடல்கள் தமிழ்ப் பாடல்களாக நின்றுவிட்டன என்பதால் அங்கே இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. குழந்தைக் கதையில் அந்த ஈடு கிடைப்பது அரிது. ஏனெனில் கதையின் உயிர் கருத்திலோ உவமையிலோ இல்லாமல், சின்னச் சின்ன இலக்கணச் செய்திகளில் இருக்கிறது. இடைமொழி முதலில் வடிகட்டிவிடுவது அவற்றைத்தான்.

கறுப்பு மீனிலிருந்தே இரண்டு சான்றுகள் காட்டலாம். பாரசீகத்தில் படர்க்கைப் பெயருக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது. மீன் ஆணா பெண்ணா என்று மூலம் எங்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலக் கதைநடையில் அது பெரும்பாலும் ‘அவன்’ அல்லது ‘அவள்’ ஆக வேண்டியிருக்கிறது. அதை வைத்துத் தமிழாக்கினால் தமிழிலும் மீன் ‘சொன்னான்’ என்றோ ‘சொன்னாள்’ என்றோ பேசத் தொடங்கிவிடும். தமிழுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. அஃறிணை முடிபான ‘சொன்னது’ மூலத்தின் பொதுமையை அப்படியே காக்கும். கேட்கும் பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் அந்த மீன் தானே என்று எண்ணிக்கொள்ளும் இடம் அடைபடாது. அடுத்தது, கடலில் மீனுக்குக் காத்திருக்கும் பகைகளுள் ஒன்று. பாரசீகத்தில் அது ‘அர்ரெ-மாஹி’, அதாவது ரம்பம் போன்ற மூக்குடைய மீன். ஆங்கில வழியில் அது வாள்மீனாக வந்து சேர்கிறது. தூத்துக்குடிக் கரையிலும் புன்னைக்காயலிலும் இந்த ரம்பமூக்கு மீனுக்கு ‘வேளா’ என்று பழைய பெயரே உண்டு. மூலத்தைப் பார்த்தவருக்கு வீட்டுவாசலில் கிடைக்கும் சொல், ஆங்கிலத்தைப் பார்த்தவருக்குத் தேவையே படுவதில்லை.

இனி, இரண்டு அடுக்கைப் பிரிக்கும் கேள்வி. பாரசீகத்தில் பாட்டி மீன் வாய் திறந்ததும் வருவது ‘யெக்கி பூத், யெக்கி நபூத்’ என்னும் தொடர். ஒருவர் இருந்தார், ஒருவர் இருக்கவில்லை என்பது அதன் சொற்பொருள். ஈரானில் எந்தக் கதையும் இதைக் கொண்டே தொடங்குவதால், இதைக் கேட்டதுமே பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்துவிடுவர். பொருளை விட ஓசையே இங்கு வேலை செய்கிறது: மூன்று அசையில் ஒன்றும் நான்கு அசையில் ஒன்றுமாக இரண்டு பாதி, ஒரு பாதி உண்டு என்கிறது, மறு பாதி இல்லை என்கிறது, இரண்டும் ஒரே ஒலியில் முடிகின்றன. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கேட்பவர் ‘யார் இருந்தது, யார் இல்லை?’ என்று கேட்டு நின்றுவிடுவார். ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தமிழ் வாய்பாட்டை வைத்தால் பிள்ளைகள் உடனே அடங்குவர். ஆனால் மீனுக்கு ஊர் ஏது என்பது ஒருபுறமிருக்க, இருப்பும் இன்மையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அந்த அசைவு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ‘இருந்ததோ இல்லையோ, ஒரு ஓடையிலே ஒரு மீன் இருந்ததாம்’ என்று தொடங்கலாம். இதில் மூலத்தின் இரட்டை அசைவும் இருக்கிறது, தமிழ் வாய்க்கு அந்நியமான கட்டும் இல்லை.

அந்த வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் ‘ஆம்’ தனியே பேசத் தக்கது. சொல்பவர் தாமே கண்டதைச் சொல்லவில்லை, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார் என்று உணர்த்தும் இடைச்சொல் இது. திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிகள் கதை சொல்லும்போது ‘இருந்துச்சாம்’, ‘போச்சாம்’ என்று முடிப்பதில் உள்ள மென்மைக்கு இதுவே மூலகாரணம். நடந்தது எதுவாக இருந்தாலும் அது வேறெங்கோ, என்றோ நடந்தது என்று பிள்ளையைப் பத்திரமான தொலைவில் உட்காரவைத்துவிடுகிறது. கி. ராஜநாராயணனும் கழனியூரனும் இந்தத் தென்பகுதியில் திரட்டிய நாட்டார் கதைகளைப் படிப்பவர்கள் இந்தக் குரலை நன்றாக அறிவர். பாரசீகக் கதைநடைக்கு இப்படி ஓர் இடைச்சொல் தேவைப்படவில்லை; வெறும் இறந்தகாலமே போதுமாக இருக்கிறது. ஆனால் பெஹ்ரங்கியின் தாய்மொழியில் கேட்டறிந்த செய்திக்கென்று ‘-மிஷ்’ என்னும் தனி விகுதி உண்டு, அம்மொழியின் கதைகளில் அது தாராளமாகப் புழங்குகிறது. பாரசீகத்தில் எழுதியபோது அவர் விட்டுவர நேர்ந்த ஒன்றைத் தமிழ் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று கொண்டால் அது மிகையாகாது.

ஆயினும் ‘ஆம்’ என்பதை எங்கும் தூவிவிட முடியாது. வெளிக்கதை, அதாவது கடலடியில் பாட்டி மீன் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்த பகுதி, நூலாசிரியரின் கூற்று; அங்கே ‘இருந்தது’, ‘சொன்னது’ என்று நேர்முடிபே வர வேண்டும். பாட்டி பேசத் தொடங்கியதும் ‘இருந்ததாம்’ வரலாம். இப்படிச் செய்தால், பாரசீகம் ஒரு தொடக்கத் தொடரை மட்டும் கொண்டு பிரித்த இரண்டு அடுக்கைத் தமிழ் வினைமுடிபாலேயே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் உள்கதை நீளமானது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஆம்’ வந்தால் ஒரு பக்கத்துக்குள் காது சலித்துவிடும். அதைவிட மோசமாக, மீன் நீர்ப்பறவையின் வயிற்றுக்குள் சிக்கிப் போராடும் கடைசிப் பகுதியில், அந்தப் போராட்டமே நடந்ததா என்ற ஐயத்தை அது உண்டாக்கிவிடும். ஒரு காட்சி தொடங்கும்போதும் அது முடிந்து அடுத்த இடத்துக்கு நகரும்போதும் ‘ஆம்’ வைத்து, உரையாடலிலும் ஆபத்து நெருங்கும் இடங்களிலும் அதை எடுத்துவிடுவதே பொருந்தும். நல்ல கதைசொல்லிகள் வாய்மொழியில் செய்வதும் ஏறத்தாழ இதுதான்.

அடுத்து, திரும்ப வரும் தொடர்கள். இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எதிராக நிற்பது அவருடைய படிப்பே. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று. பள்ளிக் கட்டுரை எழுதிய ஒவ்வொருவருடைய கையிலும் அந்த விதி ஊறிக் கிடக்கிறது. பாரசீகக் கதையில் பேச்சைக் குறிக்க ‘கோஃப்த்’, அதாவது சொன்னது, என்ற ஒரே வினைதான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதைத் தமிழாக்குபவர் முதல் முறை ‘சொன்னது’ என்பார். இரண்டாம் முறை ‘கூறியது’ ஆகும். அப்புறம் ‘வினவியது’, ‘பதிலளித்தது’, ‘மொழிந்தது’ என்று போகும். ஒவ்வொரு மாற்றமும் தனியே பார்த்தால் அழகாகவே இருக்கும். உரக்கப் படிக்கும்போதுதான் சேதம் தெரியும்: கேட்கும் பிள்ளையின் காது ‘சொன்னது’ என்ற சொல்லைக் கேட்காமலேயே கடந்து, யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும், ‘மொழிந்தது’ வந்தால் அங்கே நின்றுவிடும். படிப்பவரே அச்சில் ‘கூறியது’ என்று இருப்பதை வாயில் ‘சொன்னது’ என்று மாற்றிப் படித்தால், அச்சில் இருப்பது தவறு என்பதற்கு அதைவிட உறுதியான அடையாளம் வேண்டியதில்லை. ‘சொன்னது’, ‘கேட்டது’ என்ற இரண்டே வினைகளைக் கொண்டு நூல் முழுவதையும் முடிக்க முடியும், முடிக்கவும் வேண்டும். மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே, மூலத்தில் மூன்று முறைக்கு மேல் வரும் தொடர்களைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ்த் தொடரை முடிவு செய்துகொண்டு, பிறகு எந்தச் சபலத்துக்கும் அதை மாற்றாமல் இருப்பது இதற்கு நல்ல வழி.

பாரசீகக் கதைகளில் பயணத்தைச் சொல்லும் வாய்பாடு ‘ரஃப்த்-ஓ ரஃப்த்-ஓ ரஃப்த்’ என்பது. போனது, போனது, போனது என்று பொருள். நடுவே வரும் ‘ஓ’ என்ற இணைப்பு அழுத்தமில்லாத ஓர் உயிர். அது மூன்று வினைகளையும் மெல்ல ஒட்டிவைத்து, நடையின் தாளத்தை நாவில் உண்டாக்குகிறது. தமிழில் இரண்டு வினைமுற்றுகளை ‘உம்’ சேர்த்து இணைக்க முடியாது; ஆகவே எழுத்துத்தமிழ் இதை ‘நெடுந்தொலைவு சென்று’ என்று சுருக்கிவிடுகிறது. பொருள் முழுதும் வந்துவிட்டது, வழி முழுதும் தொலைந்துவிட்டது. வாய்மொழித் தமிழிடம் கேட்டால் அது உடனே தருகிறது: ‘போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது, போனால், அங்கே ஒரு ஆறு.’ முதல் இரண்டும் ஒரே அளவில் அடியெடுத்து வைக்க, மூன்றாவது நீண்டு அசைய, அடுத்து வரும் ‘போனால்’ கேட்பவரைச் சட்டென்று புதிய இடத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்தப் ‘போனால்’ நிபந்தனை வினையின் வடிவில் இருந்தாலும் நிபந்தனையைச் சொல்வதில்லை. ‘போய்ப் பார்த்தபோது’ என்று பொருள்படும் கதைமரபின் சொல்லாட்சி அது. இங்கே ‘ஓர் ஆறு’ என்று திருத்தும் மெய்ப்புநோக்குநர் இலக்கணப்படி சரியாகவே செய்கிறார். ஆனாலும் ‘ஒரு ஆறு’ என்று விட்டுவிடுமாறு அவரை வேண்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

மீனின் பெயரும் ஒரு திரும்ப வரும் தொடர்தான். ‘மாஹி-யெ சியாஹ்-எ குச்சூலு’ என்பதில் மீன் முதலில் வருகிறது, கறுப்பும் சின்னதும் பின்னால் வருகின்றன. இடையில் வரும் ‘எ’ என்னும் ஒலியைப் பாரசீக இலக்கணம் ‘இசாஃபெ’ என்கிறது, பெயரையும் அதன் அடைகளையும் கோக்கும் உயிரொலி அது. தமிழில் அடை முன்னால்தான் வரும். வந்ததும் புணர்ச்சியில் வல்லினம் மிகும். ‘குட்டிக் கறுப்பு மீன்’ என்பதில் ட்ட, க்க, ப்ப என்று மூன்று வல்லின இரட்டிப்புகள் அடுத்தடுத்து விழுகின்றன. நூறு முறை சொல்ல வேண்டிய பெயருக்கு இது கடினம். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை உயிர்வகைக்கேற்பப் பகுத்துப் பேசுகிறது. இன்றைய வழக்கில் மீனின் இளமைப் பெயர் ‘குஞ்சு’. எனினும் ‘மீன்குஞ்சு’ என்றால் அது இன்னும் வளராத ஒன்று என்ற எண்ணமே முன் நிற்கும். துணிந்து புறப்பட்டுப் போகும் கதைத்தலைவருக்கு அது ஒவ்வாது. ‘பொடி மீன்’ என்பது சந்தைச் சொல், குழம்பை நினைவூட்டும். ‘சின்னக் கறுப்பு மீன்’ என்பதில் மெல்லினம் ஒன்று முன்னால் வந்து தொடக்கத்தை இளக்குவதால், இருப்பவற்றுள் அதுவே தேவலை.

இதுவரை பார்த்தவை சொல்லளவிலானவை. வாக்கிய அளவில் ஏற்படும் சேதம் இன்னும் பெரியது. அது எப்படி நேர்கிறது என்பதைக் காட்ட, விளக்கத்துக்கென்றே அமைத்த ஒரு சிறு கதைத்துண்டை எடுத்துக்கொள்ளலாம். பாரசீகம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, ‘கெ’ என்ற இணைப்பை வைத்து, அதன் விவரத்தைப் பின்னால் சொல்லும். அதாவது ஓடை வரும், பிறகு அது எங்கே ஓடியது என்பது வரும். தமிழ்ப் பெயரெச்சம் விவரத்தை முன்னால் அடுக்கிப் பெயரைக் கடைசியில் வைக்கும். ஆகவே வாக்கியத்துக்கு வாக்கியம் உண்மையாக மொழிபெயர்ப்பவர் கையில் இப்படி ஒன்று உருவாகும்: ‘மலையடியில் ஓடிய ஓடைக்குள் கிடந்த கல்லுக்கு அடியில் குடியிருந்த தவளைக்கு, மழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒருநாள் ஆசை வந்தது.’ இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. ஆனால் தவளை வரும்வரை கேட்பவர் எதையும் பார்க்க முடியாமல் மலை, ஓடை, கல் மூன்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதையே இப்படிச் சொல்லலாம்: ‘மலையடியில் ஒரு ஓடை இருந்ததாம். ஓடைக்குள் ஒரு கல் கிடந்தது. கல்லுக்கு அடியில் ஒரு தவளை குடியிருந்தது. ஒருநாள் அந்தத் தவளைக்கு, மழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசை வந்ததாம்.’ ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. பிள்ளை ஒரு படி இறங்கியதும் அடுத்த படி காலுக்குக் கிடைக்கிறது. ஒரு வாக்கியம் நான்காகிவிட்டதே என்று மூலத்துக்கு உண்மையாக இருக்க விரும்புபவர் தயங்கலாம். பாரசீகத்தின் செவியொழுங்கு காப்பாற்றப்பட்டிருப்பது இரண்டாவதில்தான்.

தமிழ்க் கதைசொல்லலில் இதற்கு ஓர் அளவுகோல் முன்பே இருக்கிறது. கேட்பவர் இடையிடையே ‘உம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆச்சி கதையை நிறுத்திவிட்டு, தூங்கிவிட்டாயா என்று கேட்பாள். உம் கொட்டுதல் என்பது வெறும் மரியாதை அன்று. ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் கேட்பவர் தாமே குறிக்கிறார். மேலே உள்ள முதல் வடிவத்தில் உம் கொட்ட இடம் ஒன்றுதான் உண்டு, இரண்டாவதில் நான்கு உண்டு. மொழிபெயர்ப்பின் வரைவை ஒரு பிள்ளைக்குப் படித்துக்காட்டி, உம் எங்கெங்கே விழுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு போனால், எந்த வாக்கியம் உடைபட வேண்டும் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உம் சீராக விழுந்து, போகப்போக இடைவெளி கூடி, குரல் தாழ்ந்து நின்றுபோனால் கதை தன் வேலையைச் செய்துவிட்டது. சட்டென்று நடுவில் அறுந்து ‘என்ன?’ என்ற கேள்வி வந்தால் அங்கே வாக்கியம் பழுது. இரண்டு எச்சங்கள்வரை அடுக்கி மூன்றாவதில் வினைமுற்று வைத்தால் பெரும்பாலும் உம் தவறுவதில்லை. அதற்கு மேல் போனால் தவறத் தொடங்குகிறது.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மொழிபெயர்ப்பவருக்கு ஒரு சபலம் காத்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் மணிமுத்தாறாகி, அருவியாய் விழுந்து, அணையில் தங்கி, கீழே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கின்றன. பெஹ்ரங்கியின் மீன் பாறைச் சுவரிலிருந்து கசியும் ஓடையில் தொடங்கி, அருவியில் விழுந்து, குட்டையில் தலைப்பிரட்டைகளிடம் வாதாடி, ஆறு அகலும் இடம் கடந்து கடல் காண்பதும் இதே வரிசையில்தான். மீனின் கழுத்தைப் பிடித்து மாஞ்சோலையில் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஓடைக்கு மூலத்தில் பெயர் இல்லை. பெயரின்மையே கேட்பவர் ஒவ்வொருவரும் தம் ஊர் ஓடையை அதில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதோடு, 1929இல் குத்தகைக்கு விடப்பட்ட அந்த மலையில் தேயிலை பறித்து லயன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள், 2024இல் தோட்ட வேலை நின்றதும் மலையிறங்க நேர்ந்தது. மீன் தானே விரும்பி இறங்கியது. அவர்கள் அப்படி இறங்கவில்லை. ஓடைக்கு மாஞ்சோலை என்று பெயரிட்டால் கேட்பவர் மனம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும், அது இரண்டு தரப்புக்கும் அநீதி.

இடப்பெயரை மறுத்தாலும் உயிர்ப்பெயர்களை மறுக்க வேண்டியதில்லை. மீனைப் பைக்குள் அள்ளிக்கொள்ளும் பறவை பாரசீகத்தில் ‘முர்க்-எ சக்கா’, அதாவது தண்ணீர் சுமந்து விற்பவரைப் போன்ற பறவை. நாங்குநேரிக்குப் பக்கத்திலுள்ள கூந்தன்குளத்துக் குளக்கரையில் கூடு கட்டும் கூழைக்கடாவே அது. ‘பைமூக்கு நாரை’ என்பது போலப் புதிதாக ஒன்றை ஆக்குவதற்குப் பதில் இருக்கும் பெயரை வைத்தால், நெல்லைச் சீமைப் பிள்ளைக்கு அந்தப் பை உடனே கண்முன் நிற்கும். ஆனால் ‘ஷப்-எ செல்லெ’ என்னும் நீண்ட இரவுக்கு அப்படி ஈடு கிடையாது. தப்ரீசில் மார்கழித் தொடக்கத்து இரவு ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம். திருநெல்வேலியில் பன்னிரண்டரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பவர்களுக்கு நீண்ட இரவு என்பது வாழ்க்கை அனுபவமாக இல்லை. இரவு முழுக்க விழித்துக் கதை பேசிப் பழம் தின்னும் ஈரானிய வழக்கமும் இங்கே இல்லை. ‘மார்கழி மாதம், ஆண்டிலேயே மிக நீளமான இரவு’ என்று இரண்டு தொடரில் சொல்லி நகர்வது போதும். அடிக்குறிப்பு வைத்தால் கதை அங்கேயே நின்றுவிடும்.

உரையாடலில் தமிழின் இரட்டை வழக்கு குறுக்கிடுகிறது. முழுப் பேச்சுத்தமிழில் ‘ஏளா’, ‘வாரேன்’ என்று எழுதினால் மீன்கள் ஒரு வட்டாரத்தாராகிவிடும்; மூலத்தின் பாரசீகமோ எந்த வட்டாரத்தையும் சுட்டாத எளிய பாரசீகம். முழு எழுத்துத்தமிழில் எழுதினால் தாயும் பிள்ளையும் மேடையில் நிற்பார்கள். எழுத்துத்தமிழின் முடிபுகளை வைத்துக்கொண்டு, பேச்சின் சொல்வரிசையையும் விளிகளையும் எடுத்துக்கொள்வதே நடுவழி. இந்த நடுவழியில் மூலத்தில் இல்லாத ஒரு நுட்பம்கூடத் தமிழுக்குக் கிடைக்கிறது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று தமிழர் சொல்வதில்லை, ‘போய்விட்டு வருகிறேன்’ என்றே சொல்வர். வெறும் ‘போகிறேன்’ கேட்பவருக்கு நெஞ்சைச் சுடும். தடுக்கும் தாயிடம் மீன், தான் போயே ஆக வேண்டும் என்று வாதாடும் இடத்தில் ‘நான் போகிறேன் அம்மா’ என்று வைத்து, பிறகு மறுபடி சந்திப்போம் என்று நண்பர்களிடம் விடைபெறும் இடத்தில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று வைத்தால், மூலத்தின் கடுமையும் கனிவும் இரண்டே வினைகளில் இடம்பிடித்துவிடும்.

கடைசியாக, கதை முடியும் விதம். பாரசீக நாட்டார் கதைகளுக்கு எதுகையோடு கூடிய ஒரு முடிப்பு வாய்பாடு உண்டு. கதை முடிந்தது, காகம் மட்டும் வீடு போய்ச் சேரவில்லை என்ற பொருளில் வரும். தொடக்க வாய்பாட்டை எடுத்துக்கொண்ட பெஹ்ரங்கி முடிப்பு வாய்பாட்டைத் தவிர்த்துவிட்டார். பறவையின் வயிற்றுக்குள் கறுப்பு மீனோடு அகப்பட்டிருந்த இன்னொரு சிறு மீனுக்கு என்ன ஆயிற்று என்று பேரப்பிள்ளைகள் கேட்க, அதை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று பாட்டி சொல்லிவிடுகிறது. பன்னிரண்டாயிரத்தில் ஒன்று குறைய மற்றெல்லாம் தூங்கப் போகின்றன. ஒரு சிவப்பு மீன் மட்டும் கடலை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறது. அந்த ஒன்று குறைந்த எண்ணிக்கையைப் பாரசீகம் முழுதாகச் சொல்கிறது. அதன் இறுதிப் பகுதி ‘நொஹ்சத்-ஓ நவத்-ஓ நொஹ்’ என்று நகர ஒலியிலேயே தாலாட்டிக்கொண்டு வரும். 11,999 என்று எண்ணால் அச்சிட்டால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ‘பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது’ என்று எழுத்தால் அச்சிட்டால், சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு வேண்டும். நகர மோனை போன இடத்தில் ‘தொள்’, ‘தொண்’ என்று தகர மோனை தானாகவே வந்து உட்காருகிறது. முயன்று தேடினாலும் கிடைக்காத பொருத்தம் இது.

இந்தப் பகுதி மீண்டும் வெளிக்கதை. ஆகவே பாட்டி பேச்சை நிறுத்திய வாக்கியத்தோடு ‘ஆம்’ நின்றுவிட வேண்டும். மற்ற மீன்கள் ‘தூங்கப் போயின’, சிவப்பு மீனுக்கு ‘தூக்கம் வரவில்லை’ என்று நேர்முடிபே வர வேண்டும். இங்கே பழக்கத்தால் ‘வரவில்லையாம்’ என்று எழுதிவிட்டால் இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிடும்; சிவப்பு மீனும் பாட்டி சொன்ன கதையின் ஒரு பாத்திரமாகி, தூங்காமல் கிடப்பது அந்த இரவிலேயே நடக்கும் உண்மை என்ற அழுத்தம் போய்விடும். தமிழ்ச் சிறுவர் நூல்களில் கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று தலைப்பிட்டுக் கட்டம் போடும் வழக்கமும், பயிற்சி வினாக்கள் சேர்க்கும் வழக்கமும் பதிப்பகங்களில் இன்னும் இருக்கின்றன. இந்த நூலுக்கு அவை இரண்டும் கூடாது என்பதை மொழிபெயர்ப்பாளர் கைப்படியை ஒப்படைக்கும்போதே எழுத்தில் கேட்டுவாங்கிக்கொள்வது நல்லது.